‘ஒன்-வே அனோவா’: ஒருவழியா, ஒருகாரணியா? (கூடவே, பல டி-சோதனைகளின் பிழைக்கு ஒரு பெயர்)

மலர்விழி:

அன்பர்களுக்கு வணக்கம். புள்ளியியல் பாடம் ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன், இரண்டு சொற்களில் சிக்கி நிற்கிறேன்.

முதலாவது ‘ஒன்-வே அனோவா’. ‘ஒருவழிப் பரவற்படிப் பகுப்பாய்வு’ என்று எழுதி வைத்திருக்கிறேன். பரவற்படியை மாறற்றிறன் என்று எழுதுவோரும் உண்டு. அந்த வழக்கை இப்போது தொட வேண்டாம். எனக்கு உறுத்துவது ‘ஒருவழி’தான்.

இரண்டாவது ‘ஃபேமிலிவைஸ் எர்ரர் ரேட்’. பல குழுக்களை இரண்டிரண்டாக டி-சோதனையில் ஒப்பிடும்போது, உண்மையில் வித்தியாசமே இல்லாத ஏதோ ஒரு சோடியாவது ‘வித்தியாசம் உண்டு’ என்று வந்துவிடும் வாய்ப்பு. ‘குடும்பப் பிழை வீதம்’ என்று போட்டுப் பார்த்தேன். படிப்பவருக்கு வீட்டுச் சண்டைதான் நினைவுக்கு வரும்.

இளங்கோ:

முதல் சொல்லுக்குப் புதிதாக எதுவும் தேவையில்லையே? ஒருவழி என்றால் ‘அ என்பது ஆவைவிடப் பெரிதா’ என்று ஒரு திசையில் மட்டும் பார்ப்பது. இரண்டு திசையிலும் பார்த்தால் இருவழி. ‘ஒருமுனைச் சோதனை’ என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, அதையே வைக்கலாம்.

தனலட்சுமி:

இளங்கோ, நீங்கள் சொன்னதுதான் ‘ஒருவழி’ கூடாது என்பதற்குச் சரியான சாட்சி. வகுப்பில் ஆண்டுதோறும் இதே குழப்பத்தைப் பார்க்கிறேன். ‘வே’ என்பது திசை இல்லை. தரவை எத்தனை அடிப்படையில் பிரித்திருக்கிறோம் என்ற எண்ணிக்கை. செடிகளை உரத்தை வைத்து மட்டும் பிரித்தால் ஒன்று. உரம், நீர் இரண்டையும் வைத்துப் பிரித்தால் இரண்டு. ஆகவே ‘ஒருகாரணிப் பரவற்படிப் பகுப்பாய்வு’ என் பரிந்துரை.

குழப்பத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. எஃப் மதிப்புக்கு அட்டவணையில் வலது ஓரத்தை மட்டும்தான் பார்க்கிறோம். அதனால் ஒரு திசைச் சோதனை போலத் தோன்றும். ஆனால் எஃப் வர்க்கங்களால் ஆனது. ஒரு குழு மேலே போனாலும் கீழே போனாலும் எஃப் பெரிதாகத்தான் ஆகும். ‘எல்லாச் சராசரிகளும் ஒன்றுதானா’ என்பதைத் தவிர அது வேறெதையும் கேட்பதில்லை.

சின்னக் கணக்கு ஒன்று. மூன்று குழு, குழுவுக்கு மூன்று அளவு:

```
A: 19 24 29
B: 31 36 41
C: 25 30 35
```

சராசரிகள் 24, 36, 30. மொத்தச் சராசரி 30. குழுச் சராசரிகள் அதிலிருந்து விலகும் வர்க்கங்களைக் கூட்டி மூன்றால் பெருக்கினால் 216; இரண்டால் வகுத்தால் 108. குழுக்களுக்கு உள்ளே இருக்கும் சிதறல் 150. ஆறால் வகுத்தால் 25. எஃப் என்பது 108/25, அதாவது 4.32. 5% மட்டத்தில் தாண்ட வேண்டிய எல்லை 5.14. தாண்டவில்லை.

இப்போது A, B இரண்டை மட்டும் எடுத்து டி-சோதனை போடுங்கள். டி 2.94 வரும், எல்லை 2.776, பி-மதிப்பு 0.042. ‘வித்தியாசம் உண்டு’ என்கிறது! அதே தரவு, இரண்டு பதில். ஏன்? மூன்று சோடிகளில் அதிகம் விலகி நிற்கும் சோடியைப் பார்த்துப் பொறுக்கி எடுத்தோம். டி-சோதனைக்கு அந்தப் பொறுக்கல் தெரியாது. முதலிலேயே குறித்துவைத்த ஒரே சோடி என்று நம்பித்தான் அது 5% கணக்கைச் சொல்கிறது. மலர்விழி தேடும் இரண்டாவது சொல் இந்த இடத்துக்குத்தான் பெயர் வைக்க வேண்டும்.

சரவணன்:

அம்மா, இது என் தலையிலேயே விழுந்த இடி. ஆய்வேட்டில் ஐந்து குழுக்களை ஒப்பிட்டேன். பத்துச் சோடி, பத்து டி-சோதனை. ஒன்றில் மட்டும் பி 0.03 வந்தது. அதை வைத்து ஓர் அத்தியாயமே எழுதினேன். மதிப்பீட்டாளர் ஓரத்தில் ‘மற்ற ஒன்பது எங்கே?’ என்று மட்டும் எழுதித் திருப்பி அனுப்பினார். ஆறு மாத வேலை.

அப்புறம்தான் கணக்குப் போட்டேன். ஒரு சோதனை தப்பாமல் இருக்க 0.95. பத்தும் தப்பாமல் இருக்க 0.95-ஐப் பத்து முறை பெருக்கினால் 0.60. எனவே ஒன்றாவது தப்ப 40%. ‘கூட்டுப் பிழை’ என்று சொல்லலாமே?

தனலட்சுமி:

சரவணன், போக்கு சரி. எண் கொஞ்சம் கூடுதல். பத்துச் சோதனைகளும் ஒன்றோடொன்று தொடர்பற்றவை என்றால்தான் 40%. உங்களுடையவை அப்படி இல்லை. A தற்செயலாக உயர்ந்துவிட்டால் A–B, A–C, A–D, A–E நான்கும் ஒரே நேரத்தில் கெடும். தவறுகள் கொத்தாக வருவதால், ஒன்றாவது தவறும் முறைகளின் எண்ணிக்கை குறைகிறது. குழுக்கள் சம அளவிலும் பெரிதாகவும் இருந்தால் R-இல் ஒரே வரியில் பார்க்கலாம்:

```r
ptukey(1.96 * sqrt(2), nmeans = 5, df = Inf, lower.tail = FALSE)
```

0.286 வரும். 29% என்பதும் 5% போலக் கிட்டத்தட்ட ஆறு மடங்கு, ஆறுதல் ஒன்றும் இல்லை.

‘கூட்டுப் பிழை’ வேண்டாம். கூட்டலில் விட்ட தவறு என்றுதான் முதலில் படும்.

கதிர்:

சொல் எதுவாக இருந்தாலும் சரி, தீர்வு எளிதுதானே? முதலில் எஃப் சோதனை. அது தாண்டினால் பிறகு எத்தனை டி-சோதனை வேண்டுமானாலும் போடலாம், வாசலில் காவல் இருக்கிறதே. ஃபிஷரே சொன்ன முறைதான். சொல்லுக்கு ‘குழுவாரிப் பிழை’ என்பேன்.

தனலட்சுமி:

கதிர், மூன்று குழுவுக்கு நீங்கள் சொல்வது சரி. மூன்றில் ஒன்று உண்மையிலேயே வேறு என்றால் மிச்சம் இரண்டு, ஒரே சோடி, 5% தான். நான்கு குழு வந்தால் காவல் உடைகிறது. மூன்று ஒரே மாதிரி, நான்காவது வெகுதூரம் என்று வையுங்கள். அந்த நான்காவதின் தயவில் எஃப் அநேகமாக எப்போதும் தாண்டிவிடும். உள்ளே நுழைந்தபின் ஒரே மாதிரியான மூன்றுக்கும் இடையே மூன்று சோடி; அவற்றில் ஒன்றாவது பொய் சொல்லும் வாய்ப்பு 12%. அதனால்தான் டூக்கி முறையில் எல்லையையே உயர்த்துகிறோம்.

‘குழுவாரி’யும் ஆபத்து. இந்தப் பாடத்தில் A, B, C என்பவைதான் குழுக்கள். பிழை ஒவ்வொரு குழுவுக்கும் உரியது என்று வாசிப்பார்கள். உண்மையில் அது சோதனைகளின் தொகுதிக்கு உரியது.

சரவணன்:

அப்படியானால் ‘தொகுப்புப் பிழை’?

இளங்கோ:

நிரல் எழுதுபவர்கள் அதைக் கம்பைல் எர்ரர் என்று எடுத்துக்கொள்வார்கள். தொகுப்பி என்ற சொல் அங்கே ஊன்றிவிட்டது. முதல் மடலில் நான் தவறாகப் படித்ததற்கு ஈடாக ஒன்று சொல்கிறேன்: ‘ஒன்றேனும்-பிழை வாய்ப்பு’. நமது பேச்சில் திரும்பத் திரும்ப ‘ஒன்றாவது’ என்றுதான் வந்திருக்கிறது. சொல்லுக்குள்ளேயே விளக்கம் இருக்கட்டுமே.

மலர்விழி:

‘ஒருகாரணி’யை எடுத்துக்கொண்டேன். தனலட்சுமி அம்மாவின் 24, 36, 30 கணக்கையும், அனுமதி தந்தால், பாடத்தில் சேர்க்கிறேன்.

‘ஒன்றேனும்-பிழை வாய்ப்பு’ பிடித்திருக்கிறது. ஆனால் ஒரு தயக்கம். பல இடங்களில் இதை அடைமொழியாகப் பயன்படுத்த வேண்டியிருக்கிறது: ‘ஒன்றேனும்-பிழை வாய்ப்பைக் கட்டுப்படுத்தும் முறைகள்’. வாக்கியம் நீளுகிறது.

தனலட்சுமி:

கணக்கைத் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். சொல்லில் எனக்கு வேறொரு தயக்கம். எந்தச் சோதனைகளை ஒரே தொகுதியாக எண்ணுவது என்பதும் ஆய்வாளர் எடுக்கும் முடிவு: சரவணனின் பத்தா, அவர் ஆய்வேடு முழுக்க உள்ள எல்லாமா? ‘ஃபேமிலி’ அந்தக் கேள்வியை எழுப்புகிறது, ‘ஒன்றேனும்’ எழுப்பவில்லை. ‘தொகுதிவழிப் பிழை’ என்று சொல்லத் தோன்றுகிறது, ஆனால் அதில் மறுபடியும் ‘வழி’ வந்துவிட்டது.

கதிர்:

நான்கு குழுக் கணக்கை நானே ஆயிரம் முறை ஓட்டிப் பார்த்தேன். 12% ஒட்டித்தான் வருகிறது. ‘குழுவாரி’யைத் திரும்பப் பெறுகிறேன். ‘சோதனைத்தொகுதிப் பிழை’ எப்படி?