போஸ்டரில் "கனடா காலை 9" என்று எழுதியது நான்தான்

அடையாறு எடிட்டர்

யாழ்ப்பாணச் சமையல் சேனல் ஒன்றுக்கு எடிட்டிங், அப்லோடு இரண்டும் என் பொறுப்பு. பார்ப்பவர்களில் பெரும்பாலோர் டொராண்டோ, லண்டன், பாரிஸ் ஆட்கள். ஞாயிறு மாலை நம் நேரம் 6.30க்கு பிரீமியர் வைப்போம். கோடையில் அது டொராண்டோவில் காலை 9, லண்டனில் பகல் 2, பாரிஸில் 3. சாட்டில் ஓர் ஊரே கூடிவிடும்.

2025 நவம்பர் 2, ஒடியல் கூழ் வீடியோ. 22 நிமிடத்தில் முடிந்தது. அதற்கும் அரை மணி நேரம் கழித்து டொராண்டோவிலிருந்து ஓர் அம்மாவின் கமெண்ட்: "தம்பி, ஒன்பதுக்குத்தானே போட்டிருந்தீங்கள்? தேத்தண்ணியும் போட்டு வச்சுக்கொண்டு இருந்தனான்." சாட் ரீப்ளேயை ஓட்டிப் பார்த்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து அவருடைய தங்கை மூன்று தடவை கேட்டிருக்கிறார், "அக்கா வந்திட்டீங்களோ?" என்று. வாராவாரம் இருவரும் சேர்ந்துதான் பார்ப்பார்களாம்.

அன்று அதிகாலைதான் கனடாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைத்திருக்கிறார்கள். நம் 6.30 அங்கே 8 ஆகிவிட்டது. யூடியூப் பக்கம் அவரவர் ஊர் நேரத்தைச் சரியாகத்தான் காட்டியது. வாட்ஸ்அப்பில் சுற்றிய போஸ்டரில்தான் "கனடா காலை 9" என்று நான் எழுதியிருந்தேன். அந்த அம்மா பார்த்தது போஸ்டரை மட்டும். அது இன்னும் உறுத்துகிறது.

ஈஸ்ட்ஹாம் வாசி

தம்பி, நேரத்துக்காக இவ்வளவு மனக்கஷ்டப்பட வேண்டாம். வெளியிடும் நேரத்தால் நீண்டகாலப் பார்வைகள் மாறுவதாகத் தெரியவில்லை என்று யூடியூப்பே சொல்லியிருக்கிறது. யூடியூப் ஸ்டூடியோவில் பார்வையாளர்கள் எப்போது இருக்கிறார்கள் என்று காட்டும் ஊதாப் பட்டைகள் உண்டு, எது அடர்த்தியோ அந்த நேரத்தில் போட்டுவிடுங்கள். கடிகாரம் மாறுவதும் எங்களுக்கெல்லாம் ஒரே நாளில்தான். வருடத்தில் இரண்டு ஞாயிறு கவனமாக இருந்தால் போதும்.

ஸ்கார்பரோ 12 வருடம்

ஈஸ்ட்ஹாம் அண்ணை, ஒரே நாள் இல்லை. உங்களுக்கு அக்டோபர் கடைசி ஞாயிறு, எங்களுக்கு நவம்பர் முதல் ஞாயிறு. அக்டோபர் 26 அன்று அதே 6.30 லண்டனில் பகல் 1 ஆகியிருக்கும், இங்கே 9 அப்படியே இருந்திருக்கும். அன்றைக்கு லண்டன் ஆட்கள் தவறவிட்டிருப்பார்கள், எழுதாமல் விட்டிருப்பார்கள். மார்ச்சில் இது இன்னும் நீளம். 2026இல் எங்களுக்கு மார்ச் 8, உங்களுக்கு மார்ச் 29. நடுவில் மூன்று வாரம் இரண்டு ஊருக்கும் வித்தியாசம் ஐந்து மணி இல்லை, நான்குதான்.

வெளியிடும் நேரம் முக்கியமில்லை என்பது சாதாரண வீடியோவுக்குச் சரி. ஆனால் பிரீமியருக்கு ஆட்கள் வருவது கூடிப் பேச. அந்தத் தங்கச்சி மூன்று தடவை கேட்டது எந்தப் பார்வைக் கணக்கிலும் வராது. ஊதாப் பட்டையும் எல்லா நாட்டு ஆட்களையும் ஒன்றாகக் கூட்டி, சேனல்காரரின் ஊர் நேரத்தில் காட்டுவது. கனடா ஆட்கள் எப்போது வருகிறார்கள் என்று அதில் தனியாகப் பிரித்தெடுக்க முடியாது.

நான் இங்கே ஒரு பக்திச் சேனலுக்கு வேலை செய்கிறேன். எங்கள் வழி இதுதான். சென்னை நேரத்தை நிலையாக வைக்காமல் டொராண்டோ காலை 9ஐ நிலையாக வையுங்கள். கூகுள் காலண்டரில் டொராண்டோ நேரத்தில் வாராந்திர நிகழ்வாகப் போட்டால், உங்கள் போனில் கோடையில் 6.30, குளிரில் 7.30 என்று தானே மாறிக்கொள்ளும். லண்டனும் பாரிஸும் அந்த இடைவாரங்கள் தவிர 2, 3 மணியிலேயே நிற்கும். இந்தியாவிலும் இலங்கையிலும் கடிகாரம் மாறாததால் ஒரு மணி நேரம் தள்ளிப்போவது அங்கேதான், ஆனால் ஞாயிறு இரவு 7.30 யாருக்கும் கஷ்டமில்லை. போஸ்டரில் மணி போட்டே ஆகவேண்டும் என்றால் வாராவாரம் புதிதாகக் கணக்குப் பார்த்துப் போடுங்கள், பழைய போஸ்டரில் தேதியை மட்டும் மாற்றாதீர்கள். அங்கேதான் நானும் ஒருமுறை சறுக்கினேன்.

சிட்னி மகள்

எல்லாரும் டொராண்டோ, லண்டன் என்றே பேசுகிறீர்கள். என் அம்மா ஆகஸ்டில் இரவு 11 மணிக்கு விழித்திருந்து இதைப் பார்ப்பார். அக்டோபர் முதல் ஞாயிறு எங்கள் கடிகாரம் முன்னால் போனதும் அது நள்ளிரவு 12 ஆனது. இப்போது ஸ்கார்பரோ அண்ணா சொல்வதுபோல் 7.30க்குப் போனால் எங்களுக்கு 1 மணி. உங்களுக்குக் குளிர் வரும்போது எங்களுக்குக் கோடை, அதனால் இரண்டு பக்கமும் விலகுகிறது. அம்மா திங்கள் காலை மருந்து போட்டுக்கொண்டே ரீப்ளே பார்ப்பார், சாட்டில் யாருக்கும் வணக்கம் சொல்ல முடியாது. சமையல் குறிப்பு அவருக்குத் தெரிந்ததுதான், அந்த வணக்கத்துக்காகத்தான் வருகிறார்.

அடையாறு எடிட்டர்

ஸ்கார்பரோ அண்ணா, 7.30க்கு மாற்றிவிட்டோம். போஸ்டரில் மணியை எடுத்துவிட்டு லிங்க் மட்டும் வைத்துப் பார்த்தேன். "எத்தனை மணிக்கு?" என்று நாற்பது பேர் கேட்டார்கள், அதனால் இப்போது வாராவாரம் புதிதாக எழுதுகிறேன்.

சிட்னி அக்கா, நம் மாலை 4க்கு வைத்தால் உங்களுக்கு இப்போது இரவு 9.30. ஆனால் டொராண்டோவில் காலை 5.30. மாதத்தில் ஒரு ஞாயிறாவது அப்படி வைக்கலாமா என்று சேனல் அம்மாவிடம் கேட்டிருக்கிறேன். அவர் இன்னும் சரி என்று சொல்லவில்லை.