'பிளேயர் பிராப் லைன்' – தமிழில் என்ன சொல்வது?

மாலதி, டொரன்டோ

அனைவருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமைக்குள் முடிக்க வேண்டிய வேலை ஒன்று. ஒன்டாரியோவில் 2022 ஏப்ரலில் தனியார் இணையப் பந்தயத்துக்குச் சந்தை திறந்ததிலிருந்து, பிள்ளைகளின் கைபேசியில் வருவது என்னவென்று புரியாத பெற்றோர் இங்கே பலர். அவர்களுக்கான கையேட்டைத் தமிழாக்குகிறேன். அதில் அடிக்கடி வருவது 'பிளேயர் பிராப் லைன்'. அணி வெல்லுமா என்பது அல்ல. ஒரு வீரர் 21.5 ஓட்டத்துக்கு மேல் அடிப்பாரா, கீழேயா என்பதுதான் பந்தயம். அந்த 21.5க்கு ஒரு சொல் வேண்டும். நான் எழுதி வைத்திருப்பது 'வீரர் இலக்கு'. மனம் ஒப்பவில்லை. 'ஸ்ட்ரைக்கர்' என்ற சொல்லும் வருகிறது.

யோகேஸ்வரி, யாழ்ப்பாணம்

ஸ்ட்ரைக்கர் என்றால் எங்கள் வீட்டில் கரம் பலகையில் சுண்டுகிற பெரிய காய்தான்! அது எப்படி ஓட்டம் எடுக்கும் என்று முதலில் குழம்பிப் போனேன். கிரிக்கெட் என்றால் நாங்கள் துடுப்பாட்ட வீரர் என்போம். 'இலக்கு' வேண்டாம், மாலதி. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இலக்கு என்றால், அந்த வீரர் அதை எட்டத்தான் ஆடுகிறார் என்று நினைப்பார்கள். அந்த எண்ணை வைத்தது பந்தயக்காரன் அல்லவா?

மாலதி

அக்கா, இது உதைபந்தாட்டத்தில் கோல் அடிக்கிற முன்கள வீரர். அவர் இலக்கை நோக்கி எத்தனை முறை உதைப்பார் என்பதற்கும் இப்படி 1.5, 2.5 என்று வைப்பார்கள். 'இலக்கு' அங்கேயும் இடிக்கிறது. எடுத்துவிடுகிறேன்.

சுந்தரேசன், தஞ்சாவூர்

'பிராப்' என்பது 'ப்ரபொசிஷன்' என்பதன் குறுக்கம். ஆகவே முட்டு, தாங்கல் என்று யாரும் போய்விட வேண்டாம். பந்தயத்துக்குப் பழைய சொற்கள் நம்மிடம் நிறைய. ஒட்டு, பணையம், ஆயம். 'உருளாயம் ஓவாது கூறின்' என்ற குறளில் ஆயம் சூதாட்டத்தைச் சேர்ந்தது. அதே அடியின் கடைசியிலேயே 'பொருளாயம்' என்று வருவாய்க்கும் அதே சொல். அதே அதிகாரத்தில் 'கவறும் கழகமும்' என்னும்போது கழகம் சூதாடும் இடம். இன்று அந்தச் சொல் எங்கே போய் நிற்கிறது பாருங்கள்! என் பரிந்துரை 'ஆயவரை'. வரை என்றால் எல்லை. மூன்றே அசையில் முடிகிறது.

ரவி, சென்னை

ஐயா, 'ஆயவரை' என்றால் என் அம்மா ஆயாவைத் தேடுவார். 'லைன்' என்றே போடலாம், எல்லாருக்கும் புரியும். கணக்கும் எளிது. கடைசி 5 ஆட்டத்தில் 4 தடவை தாண்டியிருந்தால் 80 சதவீதம். எதிரணிக்கு எதிராக முன்பு எப்படி ஆடினார் என்று பார்த்துக் கொஞ்சம் கூட்டிக் குறைத்தால் போதும்.

கபிலன், லண்டன்

ரவி, அந்த 80 சதவீதத்தில்தான் பணம் போகிறது. மாலதி, கையேட்டில் இருக்கும் எடுத்துக்காட்டை அனுப்ப முடியுமா?

மாலதி

இதோ. கற்பனை வீரர்தான். 50 ஓவர் ஆட்டம். கடைசி ஐந்துக்கு முந்தைய 45 இன்னிங்ஸில் சராசரியாக 30 ஓட்டம். கடைசி ஐந்தில் 88, 34, 61, 9, 78. கோடு 21.5. மேல், கீழ் எதில் ஒரு டாலர் வைத்து வென்றாலும் முதலோடு சேர்த்து 1.87 தருகிறார்கள்.

கபிலன்

நன்றி. முதலில் ஒரு உண்மையான ஆளைப் பார்ப்போம். டான் பிராட்மனின் டெஸ்ட் சராசரி 99.94. அவருக்கு 99.5 என்று கோடு போட்டிருந்தால் பாதித் தடவை தாண்டியிருப்பார் என்றுதானே தோன்றும்? ஆடிய 80 இன்னிங்ஸில் சதம் 29. அதாவது 36 சதவீதம். ஐம்பதைத் தொட்டதோ 42 தடவை. ஆக, பாதிக்குப் பாதி வருகிற இடம் நூறில் இல்லை, ஐம்பதைத் தாண்டிக் கொஞ்சம் தள்ளி இருக்கிறது. சில பெரிய ஓட்டங்கள் சராசரியை மேலே இழுத்துவிடுகின்றன. அதனால்தான் சராசரி 30 உள்ளவருக்கு 21.5 என்று வைக்கிறார்கள். கோடு தாழ்வாக இருக்கிறதே என்று ஏமாறக்கூடாது.

இப்போது அந்த ஐந்து ஆட்டம். அவற்றின் சராசரி 54. ஆனால் ஒரு இன்னிங்ஸுக்கும் அடுத்ததற்கும் ஏற்ற இறக்கம் பெரிது. 30 சராசரிக்காரருக்கு ஐந்து ஆட்டச் சராசரி 13 ஓட்டம் இப்படி அப்படிப் போவது வழக்கமே. எனவே அந்த ஐந்தைத் தனியாக எடுக்காமல் பழைய 45 உடன் சேர்க்கிறேன். 50 இன்னிங்ஸுக்கு 32.4 வருகிறது. இந்த எதிரணி மற்றவர்களைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவாக ஓட்டம் கொடுப்பவர்கள் என்று வைத்தால் 29.2.

அவர் 22ஐத் தொட வேண்டும். ஒவ்வொரு ஓட்டத்தையும் தாண்டும் வாய்ப்பு 29.2ஐ 30.2ஆல் வகுத்தது. அதை 22 முறை பெருக்கினால் சுமார் 48 சதவீதம். 80 இல்லை. 1.87க்கு முதல் தேற 53.5 சதவீதம் வேண்டும். கீழே என்று வைத்தால் வாய்ப்பு 52. அதுவும் போதாது. இரண்டு பக்கமும் நட்டம்.

இந்தப் பெருக்கலில் ஒரு குறை உண்டு. எந்த ஓட்டத்திலும் அவுட்டாகும் வாய்ப்பு ஒன்றே என்று அது எண்ணுகிறது. உண்மையில் களத்தில் இறங்கிய புதிதில்தான் ஆபத்து அதிகம். பிராட்மனே 7 தடவை பூஜ்யத்தில் போனார். இந்தப் பெருக்கல்படி ஏறக்குறைய ஒரு தடவைதான் வந்திருக்கும்.

ரவி

சரி அண்ணா, ஐந்து ஆட்டம் போதாது என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த ஐந்திலும் அவர் தொடக்க ஆட்டக்காரராக இறங்கியிருந்தால்? முன்பு ஆறாவதாக வந்திருந்தால்?

கபிலன்

அப்படியானால் நீங்கள் சொல்வதுதான் சரி. அது ஃபார்ம் அல்ல, வேலையே மாறிவிட்டது. கிடைக்கும் பந்துகள் கூடும். பழைய 45ஐ அப்படியே சேர்க்கக்கூடாது. நான் அதைக் கேட்டிருக்க வேண்டும். இன்னொன்று, ஆறாவதாக வருபவர் பல தடவை அவுட்டாகாமல் நிற்பார். அச்சில் வரும் சராசரி அந்த இன்னிங்ஸை வகுக்கும்போது எண்ணாது, பந்தயத்திலோ அவர் அடித்த ஓட்டம்தான் கணக்கு. ஆனால் 'இந்த அணிக்கு எதிராக முன்பு' என்பதை மட்டும் ஒப்ப முடியாது. மூன்று ஆட்டம்தான் இருக்கும், அப்போதைய பந்துவீச்சாளர்களும் போயிருப்பார்கள்.

யோகேஸ்வரி

அப்போ 'ஃபார்ம்' என்பதற்கு 'ஆட்டநிலை' என்று போடவே கூடாது. நிலை என்றால் நிற்கும் என்றுதானே பொருள்? என் தம்பி மகன் இப்படித்தான் 'நல்ல நிலையில் இருக்கிறான்' என்று சொல்லிச் சொல்லி இரண்டு மாதச் சம்பளத்தை விட்டான். 'அண்மை ஓட்டங்கள்' என்று போடுங்கள். நடந்ததை மட்டும் சொல்லும்.

அந்த எண் பாதிக்குப் பாதி என்பதால் 'நடுக்கோடு' எப்படி?

கபிலன்

அழகான சொல், அக்கா. ஆனால் எப்போதும் நடுவில் இருக்காது. சில சமயம் மேலே என்பதற்கு 1.70, கீழே என்பதற்கு 2.10 என்று வரும். அப்போது கோடு நடுவில் இல்லை, விலைதான் அதை ஈடுகட்டுகிறது. பெயரே பாதி வாய்ப்பு என்று வாக்குக் கொடுக்கக்கூடாது.

சுந்தரேசன்

'கோடு' வேண்டாம். கோடுதல் என்றால் வளைதல், ஒரு பக்கம் சாய்தல். 'ஒருபால் கோடாமை சான்றோர்க் கணி.' நேராக நிற்க வேண்டியதற்கு அந்தப் பெயரா?

மாலதி

ஐயா, இதைப் படிக்கப்போகிறவர்கள் எங்கள் ஊர் அம்மாமார். கோடு என்றால் பள்ளிக் கொப்பியில் இழுக்கிற கோடுதான் அவர்களுக்கு. 'நடு'வை விட்டு 'பந்தயக் கோடு' என்று போடலாம் என நான்கு பேர் எழுதிவிட்டீர்கள், தனி மடலில் இருவர். அதையே போட்டு அனுப்புகிறேன். ஃபார்முக்கு அக்காவின் 'அண்மை ஓட்டங்கள்'. ஆனால் முன்கள வீரருக்கு ஓட்டம் ஏது? அங்கே 'அண்மை ஆட்டங்கள்' என்று மாற்றுகிறேன். ஒரே கையேட்டில் இரண்டு சொல் என்பது உறுத்துகிறது.

சுந்தரேசன்

அனுப்புங்கள் அம்மா. 'வரை' என்பதில் நான் மாறவில்லை. வரம்பு, வரையறை, வரைவு எல்லாம் அதே வேரில் கிளைத்தவை. இன்றிரவு அதைப் பற்றித் தனியாக ஒரு மடல் எழுதுகிறேன்.