அட்டவணையில் மார்ச் 2, கைக்குப் பணம் மே 6: ஒப்பந்தத்திலிருந்து காலவரிசை எடுத்த அனுபவங்கள்

கோவை, திட்ட ஒருங்கிணைப்பாளர்
ஒப்பந்தம் வந்ததும் எல்லாரும் கடைசிப் பக்கத்தில் இருக்கும் மைல்கல் அட்டவணையைத்தான் முதலில் புரட்டுவார்கள். ஒரு கிடங்கு மென்பொருள் ஒப்பந்தத்தில் அது "யூஏடி ஒப்படைப்பு, மார்ச் 2, 30 சதவீதம்" என்றது. யூஏடி என்றால் வாடிக்கையாளர் செய்து பார்க்கும் ஏற்புச் சோதனை. கணக்குப் பிரிவு மார்ச்சிலேயே பணம் வரும் என்று எழுதிவைத்திருந்தது.

ஆனால் ஏற்பு பற்றிய பிரிவு வேறு இடத்தில் இருந்தது. வாடிக்கையாளர் சோதிக்க 10 வேலை நாள், பிழை சொன்னால் நாங்கள் திருத்த 5, மறுசோதனைக்கு மறுபடி 10. ஏற்புச் சான்று கிடைத்த பிறகுதான் இன்வாய்ஸ், அது கிடைத்த 30 நாளில் பணம். அரசு விடுமுறைகளைக் கணக்கில் எடுக்காமல், சனி ஞாயிறை மட்டும் கழித்து எண்ணினாலே மார்ச் 16, 23, ஏப்ரல் 6 என்று நகர்ந்து, பணம் மே 6-க்குப் போகிறது. அதுவும் ஒரே ஒரு சுற்றுத் திருத்தத்தோடு முடிந்தால்.

அதனால் காலவரிசையில் தேதியை நேரடியாகத் தட்டாதீர்கள். எந்த நிகழ்விலிருந்து எத்தனை நாள், வேலை நாளா காலண்டர் நாளா, எந்தப் பிரிவு எண் என்று ஒவ்வொரு வரியிலும் எழுதுங்கள். தேதியை ஷீட்டே போடட்டும்:

```
=WORKDAY(B2,10,H2:H15)
```

B2-இல் ஒப்படைப்பு நாள், H-இல் விடுமுறைப் பட்டியல். ஒப்படைப்பு ஒரு வாரம் தள்ளினால் கீழே எல்லாம் தானே நகரும்.

சென்னை, சிறு நிறுவனம் நடத்துபவர்
சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இருந்தால் 2006-ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ சட்டப்படி 45 நாளில் கொடுத்தே ஆகவேண்டும். ஒப்பந்தத்தில் என்ன இருந்தாலும் கவலை இல்லை.

கோவை, திட்ட ஒருங்கிணைப்பாளர்
45 நாள் உச்சவரம்பு சரிதான், குறு, சிறு நிறுவனங்களுக்கு. ஆனால் அது ஏற்பு நாளிலிருந்து ஓடுகிறது, இன்வாய்ஸிலிருந்து அல்ல. ஒப்படைத்த 15 நாளுக்குள் வாங்குபவர் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால் ஒப்படைத்த நாளே ஏற்பு நாள். ஆட்சேப மின்னஞ்சல் வந்த தேதிக்கும் ஷீட்டில் ஒரு நெடுவரிசை வையுங்கள்.

மதுரை, ஃப்ரீலான்ஸர்
எனக்கு ஒப்பந்தமே கிடையாது, வாட்ஸ்அப் பேச்சுதான். பாதிப் பணம் இன்னும் நிற்கிறது. இதிலிருந்து காலவரிசை போட முடியுமா?

திருச்சி, சோதனைக் குழு
அண்ணே, "முடிச்சுட்டேன்", "ஓகே" என்று வந்த செய்திகளைத் தேதியோடு எடுத்து வையுங்கள். ஆனால் அது நடந்ததன் பதிவு. இங்கே பேசுவது நடக்கவேண்டியதை.

என் சிக்கல் வேறு. "முதல்நிலைப் பிழை ஒன்றும் இருக்கக்கூடாது, இரண்டாம்நிலை 5-க்கு மேல் கூடாது" என்றிருந்தால் மைல்கல்லுக்குப் பக்கத்தில் அப்படியே எழுதிவிடலாம். "வாடிக்கையாளருக்குத் திருப்தி தரும் வகையில்" என்றிருந்தால் எதை எழுதுவது?

கோவை, திட்ட ஒருங்கிணைப்பாளர்
அந்த வரியைச் சிவப்பாக்கி, தேதிக் கட்டத்தைக் காலியாகவே விடுவேன். வேலை தொடங்கும் முன் மின்னஞ்சலில் அளவுகோல் கேட்டு வாங்குவேன்.

திருச்சி, சோதனைக் குழு
கேட்டோம். "கையெழுத்தான ஒப்பந்தத்தை இனி மாற்ற முடியாது" என்று அவர்கள் சட்டப் பிரிவு பதில் போட்டது. வேறு யாராவது இதைத் தாண்டியிருந்தால் சொல்லுங்கள்.