சப்டைட்டிலுக்கு நிமிடக் கணக்கில் கூலி பேசிய அனுபவங்கள்

ஆவணப்பட இயக்குநர், தூத்துக்குடி

பனையேறிகளைப் பற்றிய 18 நிமிட ஆவணப்படத்துக்கு ஆங்கில சப்டைட்டில் தேவைப்பட்டது. திரைப்பட விழாவுக்கு அனுப்பக் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. இருவரிடம் விலை கேட்டேன். முதலாமவர் படத்தைப் பற்றி எதுவும் கேட்காமல், நிமிடத்துக்கு 120 ரூபாய், மூன்று நாளில் தருகிறேன் என்று உடனே பதில் அனுப்பினார்.

இரண்டாமவர் விலையே சொல்லாமல் கேள்விகளை அடுக்கினார். எடிட்டிங் முடிந்து பிக்சர் லாக் ஆகிவிட்டதா? தமிழ் வசனம் எழுத்தில் இருக்கிறதா, அல்லது அவரே கேட்டு எழுத வேண்டுமா? தனியாக .srt கோப்பு போதுமா, படத்தின் மேலேயே பதித்துத் தர வேண்டுமா? கடைசியாக, பேச்சு நெருக்கமாக உள்ள இரண்டு நிமிடத் துண்டு ஒன்றை அனுப்பச் சொன்னார். பதநீர் காய்ச்சும் அடுப்படியில் மூன்று பேர் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிப் பேசும் காட்சியை அனுப்பினேன். பார்த்துவிட்டு நிமிடத்துக்கு 300 ரூபாய் என்றார். வசனத்தைத் தமிழில் எழுதி நான் கொடுத்தால்தான் இந்த விலை, அவரே கேட்டு எழுதுவதானால் நிமிடத்துக்கு மேலும் 100 ரூபாய் என்றும் சொன்னார். எழுதிக் கொடுத்துவிட்டேன். மொத்தம் 5,400 ரூபாய், பாதி முன்பணம். லாக் ஆன பிரதி அவர் கைக்குப் போன நாளிலிருந்து நான்கு நாள் கெடு. ஒரு சுற்றுத் திருத்தம் இலவசம். இவை எல்லாவற்றையும் ஒரே மின்னஞ்சலில் எழுதி, இருவரும் ஒப்புக்கொண்டோம்.

நான்காம் நாள் காலையிலேயே கோப்பு வந்தது, வேலையும் அருமை. அதன் பிறகு, படத்தில் வரும் பெரியவர் ஒருவர் தன் வீட்டுக் காட்சி வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், ஏழாவது நிமிடத்தில் ஒரு துண்டை நீக்கினோம். புதிதாக மொழிபெயர்க்க எதுவும் இல்லை, ஆனால் அதற்குப் பின்னால் இருந்த ஏறக்குறைய 11 நிமிடத்தின் நேரக்குறிகளும் மாறிவிட்டன. அவர் அந்த 11 நிமிடத்துக்குப் பாதி விலை, அதாவது 1,650 ரூபாய் கேட்டார். கொடுத்துவிட்டேன். இது நியாயமான தொகைதானா என்று மற்றவர்கள் அனுபவத்தை வைத்துச் சொல்லுங்கள்.

எடிட்டர், கோவை

அண்ணா, தொகை அதிகம். ‘சப்டைட்டில் எடிட்’ என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. வெட்டிய இடத்துக்குப் பின்னால் உள்ள வரிகள் அனைத்தையும் தேர்ந்தெடுத்து, நீக்கிய விநாடிகளின் அளவுக்கு முன்னால் நகர்த்தினால் வேலை முடிந்தது. ஐந்து நிமிடம்கூட ஆகாது. சப்டைட்டில் எப்போது விலகினாலும் இதுதான் வழி. என் வாடிக்கையாளர்களுக்கு இதை நான் பணம் வாங்காமலே செய்து கொடுக்கிறேன்.

சப்டைட்டில் மொழிபெயர்ப்பாளர், சென்னை

தம்பி சொல்வது ஒரு வகை விலகலுக்குச் சரி. ஆனால் விலகலைப் பார்த்து, அது எந்த வகை என்று முதலில் பிரித்தறிய வேண்டும். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒரே அளவு தள்ளிப் போயிருந்தால், படத்தின் தொடக்கத்தில் புதிதாக ஒரு சின்னமோ நன்றி அட்டையோ சேர்ந்திருக்கிறது. அதற்கு நகர்த்தினால் போதும். நடுவில் ஓர் இடத்திலிருந்து திடீரென்று விலகினால் அங்கே ஏதோ வெட்டப்பட்டிருக்கிறது. தொடக்கத்தில் சரியாக இருந்து, போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாக விலகினால், படத்தின் வேகமே மாறியிருக்கிறது. விநாடிக்கு 24 ஃபிரேம் உள்ள படத்தை 25க்கு வேகப்படுத்தினால், 18 நிமிடப் படத்தின் முடிவில் விலகல் 43 விநாடியைத் தாண்டும். அதை எத்தனை முறை நகர்த்தினாலும் பயனில்லை, நேரக்குறிகள் முழுவதையும் அந்த விகிதத்தில் சுருக்க வேண்டும்.

இயக்குநர் ஐயாவின் படத்தில் நடந்தது இரண்டாவது வகை. நகர்த்துவது எளிதுதான், ஆனால் வெட்டிய இடத்துக்கு இரு பக்கமும் உள்ள வரிகளைத் திரும்ப எழுத நேரலாம். நீக்கிய காட்சியை மனத்தில் வைத்து எழுதிய ‘அவர்’, ‘அங்கே’ போன்ற சொற்கள் யாரைச் சுட்டுகின்றன என்று தெரியாமல் போய்விடும். அதனால் மீதிப் படத்தை ஒரு முறை முழுவதும் ஓட்டிப் பார்த்தாக வேண்டும். பாதி விலை என்பது எனக்கு மிகையாகத் தெரியவில்லை.

நிமிட விலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 18 நிமிடம் ஓடும் இரண்டு படங்களில் ஒன்றுக்கு 60 வரி போதும், இன்னொன்றுக்கு 250 வரி ஆகும். இரண்டுக்கும் ஒரே விலை சொல்கிறவர் படத்தைப் பார்க்கவில்லை என்றுதான் பொருள். பேச்சு நெருக்கமாக இருக்கும்போது வரிகளின் எண்ணிக்கை கூடுவதோடு, ஒவ்வொரு வரியும் கடினமாகிறது. பார்வையாளர் படத்தையும் பார்த்துக்கொண்டே விநாடிக்கு 17 எழுத்து அளவுக்குப் படிப்பார் என்று நான் கணக்கு வைத்துக்கொள்கிறேன். பேசுகிறவர் இரண்டு விநாடியில் சொல்லி முடித்தால், ஆங்கிலத்தில் எனக்குக் கிடைப்பது வெற்றிடம் உட்பட 34 எழுத்துதான். எதை விடுவது, எதைக் காப்பாற்றுவது என்று முடிவெடுப்பதில்தான் நேரம் போகிறது. உங்கள் அடுப்படிக் காட்சி போன்ற பகுதிகளில், ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தாலும் எட்டுப் பத்து நிமிடம்தான் என்னால் முடிக்க முடியும். அதன் பிறகு ஓர் இரவு விட்டு மறுநாள் திரும்பப் படிப்பேன். ஆகவே நான்கு நாள் கெடு முறையானது.

முதுகலை மாணவி, மதுரை

எனக்கும் மொழிபெயர்ப்பாளர் தேவைப்படுகிறது. வெளிநாட்டுப் படிப்புக்காகப் பிறப்புச் சான்றிதழையும் சாதிச் சான்றிதழையும் ஆங்கிலத்தில் மாற்ற வேண்டும். இதற்கும் நிமிடக் கணக்கா? 300 ரூபாய் என்றால் எனக்குச் சம்மதம்.

சப்டைட்டில் மொழிபெயர்ப்பாளர், சென்னை

அது வேறு வேலை, தங்கையே. சான்றிதழுக்குப் பக்கக் கணக்கில் வாங்குவார்கள். யாருடைய முத்திரையும் கையொப்பமும் செல்லும் என்பதை நீங்கள் விண்ணப்பிக்கும் பல்கலைக்கழகத்திடம் முதலில் கேட்டுவிட்டு ஆளைத் தேடுங்கள்.

விளம்பரப் பட ஒருங்கிணைப்பாளர், சென்னை

எங்களுக்கு நேர்ந்ததையும் சொல்கிறேன். நான்கு நிமிட விளம்பரப் படம் ஒன்றுக்கு ஒருவர் நிமிடத்துக்கு 150 ரூபாய் என்று ஒப்புக்கொண்டார். வேலை முடிந்ததும் நாற்பது நிமிடத்துக்குக் கட்டணச் சீட்டு அனுப்பினார். கேட்டால், தான் உழைத்த நிமிடங்களைக் கணக்கிட்டதாகச் சொன்னார். எங்கள் பேச்சில் ‘ஓடும் நேரம்’ என்ற சொல்லே வரவில்லை என்பதைப் பிடித்துக்கொண்டார். இழுபறியில் இரண்டு வாரம் போனது. இப்போது எங்கள் நிறுவனம் அனுப்பும் ஒவ்வொரு கடிதத்திலும் ‘படம் ஓடும் நிமிடத்துக்கு’ என்று எழுதுகிறோம். முழு நிமிடத்துக்கு மேல் சில விநாடி வந்தால் அது எப்படிக் கணக்கிடப்படும் என்பதையும் சேர்த்துக்கொள்கிறோம்.

எடிட்டர், கோவை

வேகம் மாறும் விஷயத்தை ஏற்றுக்கொள்கிறேன், அதை நான் யோசிக்கவில்லை. பாதி விலையை மட்டும் ஏற்க முடியவில்லை. வெட்டிய இடத்தின் இரு பக்கமும் சேர்த்து ஒரு நிமிடத்தைத்தானே திரும்பப் பார்க்க வேண்டும்? அந்த ஒரு நிமிடத்துக்கு முழு விலை வாங்கட்டும். மீதிப் பத்து நிமிடத்தை நானே ஓட்டிப் பார்த்துக்கொள்வேன்.

ஆவணப்பட இயக்குநர், தூத்துக்குடி

உங்களுக்கு ஆங்கிலமும் எடிட்டிங்கும் தெரியும், தம்பி, அதனால் ஓட்டிப் பார்க்க முடியும். எங்கள் குழுவில் அப்படி யாரும் இல்லை. ஆனாலும் அடுத்த படத்துக்கு, லாக் ஆன பிறகு வரும் மாற்றத்துக்கு என்ன விலை என்பதை முதல் மின்னஞ்சலிலேயே பேசிவிடலாம் என்றிருக்கிறேன். ஒன்று மட்டும் தெளிவாகவில்லை. அந்தப் படத்தில் மூன்று நிமிட நாட்டுப்புறப் பாடல் வருகிறது. அதையும் வசனத்தின் விலையிலேயே கணக்கிடுவார்களா, தனியாகக் கேட்பார்களா?

சப்டைட்டில் மொழிபெயர்ப்பாளர், சென்னை

நான் தனியாகத்தான் கேட்பேன். அதே விலைக்குச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். பாடலின் வரிகளை முன்கூட்டியே அனுப்பி, பொருளை மட்டும் சொன்னால் போதுமா, பாட்டின் நடை ஆங்கிலத்திலும் வர வேண்டுமா என்பதையும் சொல்லி விலை கேளுங்கள்.