டி கட்டை மூன்று வரிசை ஆழத்துக்குள் எப்படித் திரும்புகிறது? பார்த்ததைப் பகிருங்கள்

கடைசிவரிசை:
டெட்ரிஸில் இப்போது பரவலாக இருக்கும் எஸ்ஆர்எஸ் சுழற்சி முறையை வைத்துச் சொல்கிறேன். டி கட்டை கீழே உள்ளபடி, மூக்கு மேலே பார்த்து நிற்கிறது. வலஞ்சுழியாக ஒருமுறை திருப்பினால் அப்படியே கிணற்றுக்குள் இறங்கி மூன்று வரிசையும் அழிகிறது.

```
##T..
#TTT.
#.###
#..##
#.###
```

திருப்பும் பொத்தானை அழுத்தியதும் ஆட்டம் ஐந்து இடங்களை வரிசையாகச் சோதிக்கும். முதலில் காலியாகக் கிடைக்கும் இடத்தில் கட்டையை வைத்துவிட்டு அங்கேயே நிறுத்திவிடும். இந்தத் திருப்பத்துக்கான பட்டியல் இது:

```
0->R: (0,0) (-1,0) (-1,+1) (0,-2) (-1,-2)
```

முதல் எண் பக்கவாட்டு நகர்வு, இரண்டாவது மேல்கீழ். கழித்தல் குறி இருந்தால் இடப்பக்கம் அல்லது கீழே. இருந்த இடத்திலேயே திருப்பினால் டியின் கீழ்முனை அடியில் உள்ள கட்டத்தில் இடிக்கிறது. ஒரு கட்டம் இடப்பக்கம் தள்ளினால் மேல்முனை இடது மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கூரையில் இடிக்கிறது. மூன்றாவதிலும் அதே கூரைதான் தடை. நேராக இரண்டு கட்டம் கீழே போனால் அங்கே ஏற்கனவே கட்டைகள் இருக்கின்றன. ஐந்தாவது இடம் மட்டும் காலி, அதனால் அங்கே போய் உட்காருகிறது.

பழைய_கன்சோல்:
1989 நின்டெண்டோ பதிப்பில் இது எதுவுமே கிடையாது. தட்டையான பக்கம் சுவரை ஒட்டி நெட்டுக்குத்தலாக நிற்கும் டியைக்கூடத் திருப்ப முடியாது. ஒரு கட்டம் உள்ளே நகர்த்திவிட்டுத்தான் திருப்ப வேண்டும். சுவர்ப்பக்கம் மாட்டிக்கொள்வது பற்றித்தானே கேட்கிறீர்கள்?

கடைசிவரிசை:
இல்லை, சுவர் இங்கே சம்பந்தமே படவில்லை. இப்படி இடம் தள்ளிப் பார்ப்பதற்குச் சுவர் கிக் என்று பெயர் வைத்துவிட்டார்கள், ஆனால் ஆட்டத்துக்குச் சுவரும் தரையும் கிடக்கும் கட்டையும் ஒன்றுதான். எதில் இடித்தாலும் அடுத்த சோதனைக்குப் போகும்.

வேகவிரல்:
அந்தக் கூரை வெறும் அலங்காரம். கிணறும் பக்கத்துப் பள்ளமும் சரியாக இருந்தால் போதும், தரை தொட்டதும் சட்டென்று அழுத்தினால் இறங்கிவிடும்.

கடைசிவரிசை:
பள்ளம் வேண்டும் என்பது சரி, மற்றது தவறு. கூரையை எடுத்துவிட்டுத் திருப்பிப் பாருங்கள். இரண்டாவது சோதனையே வெற்றி பெறும். டியின் கீழ்முனை கிணற்றுக்குள் ஒரு கட்டம் மட்டும் நுழைந்து, மூக்கு விளிம்பில் மாட்டி, பாதியில் தொங்கும். கூரை இன்னும் ஒரு வரிசை மேலே இருந்தாலும் இதே கதிதான். டி அப்படித் தொங்குவதைப் பார்த்தால் கிணற்றைக் குறை சொல்லாதீர்கள், கூரையின் உயரத்தை எண்ணுங்கள். எவ்வளவு வேகமாக அழுத்துகிறோம் என்பதற்கும் சோதனைக்கும் தொடர்பில்லை. கட்டை பூட்டிக்கொள்வதற்குள் அழுத்தினால் போதும்.

இன்னொன்று: கூரை வழிவிடாததால் டி நேராக மேலிருந்து இந்த நிலைக்கு வராது. ஒரு கட்டம் வலப்பக்கமாக இறக்கி, கடைசி வரிசையில் இடப்பக்கம் செருக வேண்டும். கிணறு வலப்பக்கம் இருந்தால் எல்லாமே கண்ணாடிப் பிம்பம், இடஞ்சுழியாகத் திருப்புங்கள்.

குறிமாற்றம்:
இதை நிரலாக எழுதுபவர்களுக்கு: மேலே உள்ள பட்டியலில் கூட்டல் குறி என்றால் மேல்நோக்கி. பெரும்பாலான திரை நிரல்களில் வரிசை எண் கீழ்நோக்கித்தான் கூடும். பட்டியலை அப்படியே ஒட்டினால் கீழே போக வேண்டிய கட்டை இரண்டு வரிசை மேலே எகிறும். இரண்டாவது எண்ணின் குறியை மாற்றுங்கள்:

```
ny = y - dy
```

முதல் இரண்டு சோதனைகளில் மேல்கீழ் நகர்வே கிடையாது. அதனால் சுவரோரத்தில் எல்லாம் சரியாக நடப்பதுபோலத் தெரியும், பிழை வெகுநாள் கண்ணில் படாது. மேலே உள்ள டி அமைப்பையே சோதனைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஐ கட்டைக்குத் தனிப் பட்டியல் உண்டு, இதைப் போட்டுவிடாதீர்கள்.

பழைய_கன்சோல்:
ஆனால் டி அடைபட்ட கட்டத்தின் வழியே புகுந்து போகிறதே, அது நியாயமா? 1998இல் வந்த ஆர்க்கேட் பதிப்பில் வலப்பக்கம் ஒரு கட்டம், பிறகு இடப்பக்கம் ஒரு கட்டம் என்று இரண்டே முயற்சிதான். கீழ்நோக்கித் தள்ளுவதே கிடையாது. அதுதான் கண்ணுக்குப் புரிகிற விதி.

கடைசிவரிசை:
பாதையை யாரும் சோதிப்பதில்லை, போய்ச் சேரும் நான்கு கட்டங்கள் காலியா என்று மட்டும்தான் பார்ப்பார்கள். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. பட்டியல் தெரிந்தவருக்குக் கட்டை எங்கே போகும் என்பது முன்கூட்டியே தெரியும்.

பழைய_கன்சோல்:
பட்டியலை மனப்பாடம் செய்தால்தான் புரியும் என்பதைத்தான் நானும் சொல்கிறேன்.

வேகவிரல்:
கூரையை எடுத்துப் பார்த்தேன், நீங்கள் சொன்னபடியே தொங்குகிறது. 180 பாகை திருப்பும் பொத்தானை அழுத்தி மறுபடி வலஞ்சுழி கொடுத்தால் உள்ளே தள்ள முடியுமா?

குறிமாற்றம்:
எஸ்ஆர்எஸ்ஸில் 180க்குப் பட்டியலே இல்லை. அந்தப் பொத்தான் இருக்கும் ஒவ்வொரு ஆட்டமும் தன் பட்டியலைத் தானே வைத்துக்கொள்கிறது. எந்த ஆட்டம் என்று சொல்லுங்கள்.