ஈ-சைக்கிள் திருட்டு, கிளெய்ம் கிடையாதுங்கறாங்க, உதவுங்க (கோத்தகிரி)

தேயிலைமேடு
அவசரம். ஞாயிறு ராத்திரி வீட்டு போர்டிகோல நின்ன ஈ-சைக்கிள்ல திருட்டு. இன்சூரன்ஸ் இருக்கு, வீட்டுக்கு எடுத்தது. போன் போட்டா கவர் ஆகாதுன்னு சொல்லிட்டாங்க. பிரீமியம் ஒழுங்கா கட்டியிருக்கேன். எப்படி வாங்கறது? தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்க.

பழைய பங்காளி
தம்பி, இதே கேள்வி இங்க எத்தனையோ தடவை வந்தாச்சு, தேடிப் பார்த்துட்டுக் கேட்கலாமே. பேட்டரி வண்டி வாங்கினா ஆர்.சி. போடணும், மோட்டார் இன்சூரன்ஸ் எடுக்கணும். அதை விட்டுட்டு வீட்டு பாலிசியில கேட்டா எவன் கொடுப்பான்? அடிப்படையே தெரியாம வண்டி வாங்கறாங்க.

குன்னூர் சங்கிலி
பங்காளி அண்ணே, பாதிதான் சரி. மோட்டாரோட முப்பது நிமிஷ பவர் 250 வாட்டுக்குக் கீழ இருந்து, வேகமும் 25 கி.மீ.க்குக் கீழ இருந்து, டெஸ்டிங் ஏஜென்சி சான்று கொடுத்திருந்தா அது சட்டப்படி மோட்டார் வாகனமே இல்லை. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 2-ல இருக்கு. ஆர்.சி. கிடையாது, லைசென்ஸ் வேண்டாம், மூன்றாம் நபர் இன்சூரன்ஸும் கட்டாயம் இல்லை. ஓட்டை அங்கதான். கட்டாயம் இல்லைங்கறதால கடையில யாரும் சொல்றதில்லை, வாங்கறவங்களும் கேட்கறதில்லை. ஒரு பழைய மொபெட் திருடு போனா அதுக்கு ஏதோ ஒரு பாலிசி இருக்கும். 40,000 ரூபா சைக்கிளுக்கு ஒண்ணும் இருக்காது.

தேயிலைமேடு, கம்பெனியிலயே மோட்டாரோட வந்த சைக்கிளா, கிட் மாட்டினதா? எத்தனை வாட்? பூட்டியிருந்துதா?

பாலிசி அக்கா
"வீட்டுக்கு எடுத்தது"ன்னா எது தம்பி? வீட்டுக் கடனோட பேங்க்ல போட்டுக் கொடுத்ததுன்னா பெரும்பாலும் பாரத் கிருஹ ரக்ஷாவா இருக்கும். ஏப்ரல் 2021-ல எல்லா கம்பெனியும் ஒரே வாசகத்துல கொடுக்க ஆரம்பிச்சது. நம்ம ஊருக்கு வேண்டிய மண்சரிவு, புயல், வெள்ளம் எல்லாம் அதுல உண்டு. வெறும் திருட்டு கிடையாது. தீயோ சரிவோ நடந்து, அதனால வீடு திறந்து கிடந்து, ஏழு நாளைக்குள்ள பொருள் போனா மட்டும்தான் திருட்டுக்குக் காசு. அதுக்கு மேல, விலக்குப் பட்டியல்ல "வாகனங்கள்"னு ஒரு வார்த்தை வேற இருக்கு. சைக்கிளும் அதுல அடக்கம்னு யாராவது வாதம் பண்ணினா நீங்க மல்லுக்கட்டணும்.

இன்னொரு வகை, ஹவுஸ்ஹோல்டர் பேக்கேஜ். பிரிவு பிரிவா இருக்கும், எந்தப் பிரிவு வேணுமோ அதுக்கு மட்டும் காசு கட்டறது. அதுல பெடல் சைக்கிளுக்கே தனிப் பிரிவு உண்டு. பாலிசி ஷெட்யூலைப் பிரிச்சு, எந்தெந்தப் பிரிவுக்கு நேரா தொகை போட்டிருக்குன்னு பார்த்து அப்படியே டைப் பண்ணுங்க.

ஏரிக்கரை கொடை
கேள்விக்குள்ள கேள்வி, மன்னிக்கணும். கொடைக்கானல் ஏரிக்கரையில பன்னிரண்டு சைக்கிள் வாடகைக்கு விடறோம். அந்த பெடல் சைக்கிள் பிரிவு எங்களுக்கும் ஆகுமா அக்கா?

பாலிசி அக்கா
ஆகாது. வாடகைக்கு விட்டது, இரவல் கொடுத்தது, பந்தயத்துல ஓட்டினது மூணுமே பொதுவா விலக்கு. கடைக்கான பாலிசியில சரக்கா, சொத்தா எப்படிச் சேர்க்கலாம்னு கேளுங்க. வாடிக்கையாளர் எடுத்துட்டுப் போய்த் திரும்பக் கொண்டு வராம போறதைத் திருட்டா எடுத்துக்குவீங்களான்னு தனியாக் கேட்டு எழுத்துல வாங்குங்க. நம்பிக் கொடுத்த பொருள்னு சொல்லித் தள்ளறது அங்கதான்.

தேயிலைமேடு
சாரி, வேலையில இருந்தேன். கம்பெனி சைக்கிள், 250 வாட், கிட் இல்லை. பாலிசி ஹவுஸ்ஹோல்டர்தான், "பெடல் சைக்கிள் 30,000"னு போட்டிருக்கு. சைக்கிள் போகலை, பேட்டரி மட்டும்தான் போச்சு. பூட்டை நெம்பி எடுத்திருக்காங்க. ஸ்டேஷன்ல புகார் வாங்கிக்கிட்டதுக்கு சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்தாங்க.

குன்னூர் சங்கிலி
பேட்டரி மட்டும்னு முதல்லயே சொல்லியிருக்கணும். கேள்வியே மாறிடுச்சு.

பழைய பங்காளி
ஈ-சைக்கிள் போச்சுன்னு எழுதினா எல்லாரும் அப்படித்தான் நினைப்பாங்க.

பாலிசி அக்கா
சரி, இப்ப விஷயத்துக்கு வருவோம். போன்ல மறுத்ததுக்குக் காரணம் தெரிஞ்சுடுச்சு. பெடல் சைக்கிள் பிரிவுல வழக்கமா ஒரு விலக்கு இருக்கும்: துணைப்பொருள் திருடு போனா, கூடவே சைக்கிளும் திருடு போயிருந்தாத்தான் காசு. மணி, விளக்கு, பம்ப், கேரியர் காலத்துல எழுதின வாசகம் அது. போன் எடுத்தவர் பேட்டரியை அந்த மணி, பம்ப் கணக்குல சேர்த்துட்டார்.

உங்க வாதம் இது: பேட்டரி துணைப்பொருள் இல்லை, சைக்கிளோட பாகம். அது இல்லாம அந்தச் சைக்கிள் விற்பனைக்கே வராது, மோட்டார் ஓடாது. இது வார்த்தைச் சண்டைங்கறதால நீங்க எழுதற ஒவ்வொரு காகிதத்துலயும் ஒரே வார்த்தை இருக்கட்டும். "சைக்கிளின் பாகமான பேட்டரி"ன்னே எழுதுங்க. "எக்ஸ்ட்ரா பேட்டரி", "பேட்டரி செட்"னு ஒரு இடத்துல எழுதிட்டாலும் அதையே பிடிச்சுக்குவாங்க.

இன்னொண்ணு, திருட்டை மட்டும் கேட்காதீங்க. நெம்பினதுல பேட்டரி உட்கார்ற தொட்டி உடைஞ்சிருக்கும், கனெக்டர் பிய்ஞ்சிருக்கும். அது சைக்கிளுக்கே நடந்த சேதம், துணைப்பொருள் விலக்கு அதைத் தொடாது. ரெண்டையும் தனித்தனி வரியா போட்டுக் கேளுங்க. சேதத்தை மதிப்பிட கம்பெனி அனுப்பற சர்வேயர் பார்க்கற வரைக்கும் ரிப்பேர் பண்ணிடாதீங்க. போன்ல பேசினதும் கணக்குல வராது, இன்னைக்கே மெயில் அனுப்பி கிளெய்ம் எண் வாங்குங்க.

குன்னூர் சங்கிலி
சி.எஸ்.ஆர். போதாது, எஃப்.ஐ.ஆர். கேட்பாங்க. சி.எஸ்.ஆர். ஏன் கொடுத்தாங்கன்னா, புகார்ல விலை எழுதாம "பழைய பேட்டரி"ன்னு எழுதியிருப்பீங்க. இப்ப இருக்கற பாரதிய நியாய சன்ஹிதாவுல 5,000 ரூபாய்க்குக் கீழ உள்ள திருட்டை போலீஸ் நேரடியா எஃப்.ஐ.ஆர். போடற வகையில வைக்கலை. பேட்டரி விலை, வரிசை எண், வோல்ட், ஆம்பியர்-அவர் எல்லாம் போட்டு, பில் நகலோட மறுபடி எழுதிக் கொடுங்க. வீட்டுல நடந்த திருட்டுக்கு 305-ன்னு தனிப் பிரிவு இருக்கு, போர்டிகோ வீட்டோட சேர்ந்ததுன்னா அதையும் எழுதுங்க. எஃப்.ஐ.ஆர். நகல் இலவசமாவே தரணும். மறுத்தா மாவட்ட எஸ்.பி.க்குத் தபால்ல அனுப்பலாம்.

வரிசை எண் பேட்டரி மேல இருந்த ஸ்டிக்கர்ல இருந்திருக்கும், அதுவும் போயிடுச்சு. பில், வாரண்டி கார்டு, பெட்டி எதுலயாவது பாருங்க. சட்டகத்து எண் பெடல் அச்சுக்கு அடியில குத்தியிருக்கும், சைக்கிளைக் கவுத்து வச்சு போட்டோ எடுத்து வைங்க.

வாட்ஸ் வேலன்
250 வாட் வச்சுக்கிட்டு கோத்தகிரி ஏத்தத்துல என்ன பண்றீங்க? ரெண்டு வளைவு ஏறறதுக்குள்ள மோட்டார் சூடாகி சுணங்கிடும். 500 வாட் கிட் போட்டா நிம்மதி. இங்க பாதி பேர் அப்படித்தான் ஓட்டறாங்க.

குன்னூர் சங்கிலி
ஏத்தம் ஏறும், பாலிசி இறங்கிடும். 500 வாட் போட்ட நிமிஷமே அது சட்டப்படி மோட்டார் வாகனம். பதிவும் இல்லை, மோட்டார் இன்சூரன்ஸும் இல்லை. பெடல் சைக்கிள் பிரிவுல கேட்டா "இது பெடல் சைக்கிளே இல்லை"ன்னு ஒரே வரியில முடிச்சுடுவாங்க. அவங்க சொல்றதுலயும் தப்பில்லை.

வாட்ஸ் வேலன்
கம்பெனி 250 மட்டும் என்ன வாழுது? விதி "250-க்குக் கீழ"ங்குது, பெட்டியில "250"ன்னே அச்சடிக்கறான். அப்ப அதுவும் செல்லாதுதானே?

பழைய பங்காளி
இதைத்தான் முதல்லயே சொன்னேன், மோட்டார் வாகனம்னு.

குன்னூர் சங்கிலி
பெட்டியில அச்சடிச்சது கணக்கில்லை அண்ணே, டெஸ்டிங் ஏஜென்சி அளந்து கொடுத்த சான்றுதான் கணக்கு. தேயிலைமேடு, கடைக்காரர்கிட்ட அந்தச் சான்றோட நகல் கேளுங்க. சர்வேயர் இந்தப் பக்கம் கிளப்பினா உடனே நீட்டலாம்.

வாட்ஸ் வேலன்
சான்று இருக்கட்டும், த்ராட்டில் இருந்தா? பெடல் மிதிக்காமலே ஓடுதே?

பாலிசி அக்கா
அந்த விவாதத்துக்குத் தனி இழை போடுங்கப்பா. ஆனா ஒண்ணு, பாலிசி எடுக்கும்போதே "மின்மோட்டார் துணையுள்ள பெடல் சைக்கிள், 250 வாட்டுக்குக் கீழ், பேட்டரி உட்பட"ன்னு ஷெட்யூல்ல எழுதி வாங்கினா இத்தனை பேச்சே வேண்டாம். நடுவுலயும் எண்டார்ஸ்மென்ட்னு ஒரு திருத்தச் சீட்டு போட்டு வாங்கலாம்.

தேயிலைமேடு, கைக்கு எவ்வளவு வரும்னு முன்னாடியே கணக்குப் போட்டு வச்சுக்கோங்க. சைக்கிள் இன்னைய மதிப்பு 40,000, நீங்க போட்டது 30,000-ன்னு வச்சுக்குவோம். புது பேட்டரி 16,000, அதுல தேய்மானம் 25 சதவீதம் பிடிச்சா 12,000. தொட்டியும் கனெக்டரும் 2,400. மொத்தம் 14,400. பாலிசியில ஆவரேஜ் விதி இருந்தா, நாலுல மூணு பங்குக்குத்தான் காப்பீடு செஞ்சிருக்கீங்கன்னு இதுலயும் முக்கால் பங்குதான் தருவாங்க, 10,800. அதுல நீங்களே ஏத்துக்க வேண்டிய கழிவு 500 இருந்தா 10,300. பேட்டரி துணைப்பொருள்தான்னு முடிவு பண்ணிட்டா மிஞ்சறது அந்த 2,400 மட்டும். அதுலயும் முக்கால், 1,800, கழிவு போக 1,300. ஒரு வார்த்தைக்கு 9,000 ரூபா வித்தியாசம்.

பனிமூட்டம்
எனக்கும் பேட்டரி போச்சு. திருட்டு இல்லை, மழையில வச்சு டெர்மினல் பச்சை பிடிச்சு செத்துப்போச்சு. கேட்கலாமா?

பாலிசி அக்கா
கிடைக்காது. துரு, ஈரம், தேய்மானம் எல்லாம் மெல்ல நடக்கறது, விபத்து இல்லை. வாரண்டியில முயற்சி பண்ணுங்க. காட்டுமாடு முட்டிச் சாய்ச்சு உடைஞ்சா அது விபத்து, கேட்கலாம். அன்னைக்கே போட்டோ எடுத்து, வனத்துறைக்கும் சொல்லி வைங்க.

தேயிலைமேடு
எஃப்.ஐ.ஆர். போட்டாச்சு, விலை எழுதினதும் போட்டாங்க. கிளெய்ம் எண் வந்துடுச்சு, சர்வேயர் வியாழன் வர்றார். ஒரு சிக்கல். பில்லுல சைக்கிள் ஒரு வரி, பேட்டரி தனி வரி. என்ன பண்றது?

பழைய பங்காளி
போச்சு. கடைக்காரன் கையாலயே துணைப்பொருள்னு எழுதிக் கொடுத்துட்டான்.

பாலிசி அக்கா
அவ்வளவு சுலபமா விட்டுடாதீங்க. தனி வரின்னா தனிப் பொருள்னு ஆகிடாது. அந்தப் பேட்டரி இல்லாம அதே மாடல் விற்பனைக்கே கிடையாதுன்னு தயாரிப்பாளரோட விவரப் பக்கத்தை அச்செடுத்து வைங்க, கடையில ஒரு கடிதமும் வாங்குங்க. கம்பெனி எழுத்துல மறுத்தா முதல்ல அவங்க குறைதீர் பிரிவு. 30 நாள்ல பதில் வரலைன்னாலும், வந்த பதில் சரியில்லைன்னாலும் சென்னை இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மன். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம், ஒரு வருஷத்துக்குள்ள போகணும். அங்க எந்தப் பக்கம் தீர்ப்பாகும்னு என்னால உறுதியாச் சொல்ல முடியாது, வாதம் உங்க பக்கம் பலமா இருக்கு.

குன்னூர் சங்கிலி
பில்லுல ரெண்டு வரிக்கும் ஒரே தேதிதானே? அந்த வரியில பேட்டரி வரிசை எண் இருக்கா, வெறும் "லித்தியம் பேட்டரி"ன்னு மட்டும் இருக்கா? வியாழனுக்கு முன்னாடி பார்த்துச் சொல்லுங்க.

ஏரிக்கரை கொடை
என்ன ஆச்சு தேயிலைமேடு? சர்வேயர் வந்தாரா?