எக்ஸ்ட்ரா பெட் போட்டால் ஆளுக்கு எவ்வளவு? கொடைக்கானல் கணக்கு இடிக்கிறது

மலைப்பாதை:
நண்பர்கள் நாலு பேர், கொடைக்கானலில் 2 இரவு. நாலாவது ஆள் வருவானா என்பது இன்னும் உறுதியில்லை. முதல் ஓட்டலில் டபுள் ரூம் ஓர் இரவுக்கு 3,000 ரூபாய், எக்ஸ்ட்ரா பெட் 1,000. இரண்டாவதில் நாலு கட்டில் போட்ட ஃபேமிலி ரூம் 4,800. ஷீட்டில் B2 ரூம் வாடகை, C2 எக்ஸ்ட்ரா பெட் கட்டணம், D2 எத்தனை பெட், E2 எத்தனை ஆள்.

```
=(B2*2+C2*D2)/E2
```

முதல் ஓட்டலுக்கு ஆளுக்கு 2,000 என்று வருகிறது. போனில் கேட்டால் வரியோடு மொத்தம் 10,500 என்கிறார்கள், அதாவது ஆளுக்கு 2,625. எங்கே தப்பு?

சிக்கனக்காரன்:
ஜிஎஸ்டியை விட்டுவிட்டீர்கள், 12 சதவீதம். ரூமுக்கு மட்டும்தான், பெட்டுக்கு வரி கிடையாது. வாடகை 1,000க்குள் இருந்தால் அதுவும் இல்லை.

மலைப்பாதை:
அப்படியும் போட்டுப் பார்த்தேன். 2,180 தான் வருகிறது.

அம்மா_பயணம்:
எங்கள் பையனுக்கு 7 வயது. பெட் வேண்டாம், எங்களோடு படுத்துக்கொள்வான் என்று சொன்னதால் போன முறை காசே வாங்கவில்லை. நீங்களும் அப்படிக் கேட்டுப் பாருங்களேன்?

மலைப்பாதை:
நாங்கள் நாலு பேரும் முப்பதைத் தாண்டியவர்கள், அக்கா. ஒருத்தன் குறட்டை வேறு விடுவான்.

பழைய ரிசப்ஷன்:
மலை ஊர் ஓட்டலில் பல வருடம் முன்மேசையில் இருந்தவன். உங்கள் ஷீட்டில் ரூமை 2 இரவால் பெருக்கியிருக்கிறீர்கள், பெட்டைப் பெருக்கவில்லை. எக்ஸ்ட்ரா பெட் கட்டணம் ஒவ்வொரு இரவுக்கும் உண்டு. பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான்.

வரி விஷயத்தில் சிக்கனக்காரன் சொல்வது பழைய கணக்கு. 1,000க்குக் கீழே வரி இல்லை என்பது 2022 ஜூலையிலேயே போய்விட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் ஓர் இரவுக்கு 7,500 வரையுள்ள ரூமுக்கு 5 சதவீதம். பெட் காசும் அதே பில்லில்தான் ஏறும், அதற்கும் சேர்த்துத்தான் வரி. F2-வில் இரவுகளைப் போட்டு இப்படி மாற்றுங்கள்:

```
=(B2+C2*D2)*F2*1.05/E2
```

நாலு பேருக்கு 5,000 × 2 = 10,000, வரியோடு 10,500. போனில் சொன்னது சரிதான். ஃபேமிலி ரூம் 4,800 × 2, வரியோடு 10,080, ஆளுக்கு 2,520.

சிக்கனக்காரன்:
5 ஆகிவிட்டதா, தெரியாது. அப்போ ஃபேமிலி ரூம்தான் மலிவு, முடிந்தது.

பழைய ரிசப்ஷன்:
அவசரப்படாதீர்கள். காலை டிபன் எதில் உண்டு?

மலைப்பாதை:
முதல் ஓட்டலில் ரூமுக்கு 2 பேருக்கு இலவசம். எக்ஸ்ட்ரா பெட் ஆளுக்கு இல்லை என்றார்கள். ஃபேமிலி ரூமில் யாருக்கும் இல்லை.

பழைய ரிசப்ஷன்:
ஒரு வேளை டிபனுக்கு 200 என்று வைத்துக்கொள்வோம். முதல் ஓட்டலில் 2 பேருக்கு 2 காலை, 800 கூடி 11,300 ஆகிறது, ஆளுக்கு 2,825. ஃபேமிலி ரூமில் 4 பேருக்கு 1,600 கூடி 11,680, ஆளுக்கு 2,920. முடிவு அப்படியே தலைகீழ். ஆனால் வித்தியாசம் 95 ரூபாய்தான், அதற்காக நான் கட்டிலை விடமாட்டேன்.

நாலாவது ஆள் வராவிட்டால்தான் நிஜ வித்தியாசம் தெரியும். முதல் ஓட்டலில் ஒரே பெட், டிபனோடு 8,800, ஆளுக்கு 2,933. ஃபேமிலி ரூமில் வாடகை குறையாது. டிபனோடு 11,280 ஆகி, ஆளுக்கு 3,760.

இன்னொன்று. அந்த டபுள் ரூமில் 2 எக்ஸ்ட்ரா பெட் போட இடம் இருக்கிறதா என்று கேட்டீர்களா? நிறைய இடங்களில் ரூமுக்கு ஒன்றுதான். ‘பெட்’ என்று அவர்கள் சொல்வது மடக்குக் கட்டிலா, தரையில் விரிக்கும் மெத்தையா என்பதையும் கேளுங்கள். இணையத்தில் 3 பெரியவர்கள் என்று போட்டு வரும் விலை சில இடங்களில் கூடுதல் ஆளுக்கு மட்டும்தான், மெத்தைக்கு அங்கே போய்த் தனியாகக் கேட்பார்கள்.

மலைப்பாதை:
போன் செய்தேன். இரண்டு பெட் போடலாமாம். ஒன்று மடக்குக் கட்டில், மற்றது தரை மெத்தை. இரண்டுக்கும் அதே 1,000. கொடைக்கானல் குளிரில் தரையில் படுப்பவனுக்கும் சம பங்கா என்று இப்போது குழுவில் சண்டை.

அம்மா_பயணம்:
அவனுக்கு 500 குறையுங்கள், மற்ற மூவரும் பிரித்துக்கொள்ளட்டும்.

சிக்கனக்காரன்:
குறட்டைக்காரனைத் தரையில் போட்டு முழுக்காசு வாங்குங்கள்.

மலைப்பாதை:
நாலாவது ஆள் என்று சொன்னேனே, அவனேதான் குறட்டைக்காரன். வெள்ளிக்கிழமைக்குள் சொல்கிறேன் என்கிறான். முதல் ஓட்டலில் இப்போதைக்கு ஒரு பெட் சொல்லி வைத்திருக்கிறேன்.